ஓய்வு பெறும் ஆண்டில் வரிக் கணக்கு
(ஆசிரியர் கூட்டமொன்றில் ஓய்வு பெற்ற கணக்கு அலுவலர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஓய்வு பெறப்போகும் ஆசிரியர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "சார், மொத்தமாக வரும் பணத்துக்கு எவ்வளவு வரி பிடிப்பார்கள்?" அரசுப் பள்ளி ஆசிரியர் பயப்பட வேண்டிய இடம் அதுவல்ல. அந்தப் பணத்தைப் பற்றிக் கேட்டுவிட்டு, மாதச் சம்பளத்தையும் மாத ஓய்வூதியத்தையும் பற்றி யாரும் கேட்பதில்லை. சிக்கல் அங்கேதான் வருகிறது.

ஒரு கணக்கைப் போட்டே பார்ப்போம். 2003 ஏப்ரலுக்கு முன்பே பணியில் சேர்ந்து, பழைய ஓய்வூதியத் திட்டத்தில் உள்ள உயர்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 வயது நிறைந்து 2025 செப்டம்பர் 30 அன்று ஓய்வு பெற்றார். மறுநியமனம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். கடைசி அடிப்படை ஊதியம் 95,000 ரூபாய். அகவிலைப்படி சேர்த்து மாதம் 1,50,000 என்று எளிமையாக வைப்போம்.

அவருக்கு நான்கு பெரிய தொகைகள் வந்தன: பணிக்கொடை, தொகுத்துப் பெற்ற ஓய்வூதியம், பொது வருங்கால வைப்பு நிதி, ஓய்வின்போது ஒப்படைத்த ஈட்டிய விடுப்புக்கான பணம். நான்கும் சேர்ந்து 50 லட்சத்தைத் தாண்டியது. மாநில அரசு ஊழியர் என்பதால் நான்குக்கும் வருமான வரி இல்லை. வருங்கால வைப்பு நிதியில் மட்டும் ஒரு சிறு விலக்கு உண்டு. ஓர் ஆண்டில் 5 லட்சத்துக்கு மேல் சந்தா கட்டியவருக்கு, அந்தக் கூடுதல் சந்தாவுக்கான வட்டி வரிக்குரியது. நம்மில் அப்படிக் கட்டியவர்கள் குறைவு. பணியில் இருக்கும்போது 15 நாள் விடுப்பை ஒப்படைத்துப் பெறும் பணம் வேறு; அது சம்பளம்தான், அதற்கு வரி உண்டு. இரண்டையும் ஒன்றாக நினைத்து, வாங்கிய ஆண்டில் காட்டாமல் விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இனி மாத ஓய்வூதியம். அவருக்கு அனுமதிக்கப்பட்டது 47,500. அதில் மூன்றில் ஒரு பங்கை, அதாவது 15,833 ரூபாயைத் தொகுத்து மொத்தமாக வாங்கிவிட்டார். மீதி 31,667. அகவிலைப்படியோ குறைந்த தொகைக்கு அல்ல, முழு 47,500-க்கும் கிடைக்கும். 58 விழுக்காட்டில் அது 27,550. ஆக, மாதம் கைக்கு வருவது ஏறக்குறைய 59,200.

இந்த 59,200-தான் வரிக்குரிய ஓய்வூதியம். ஆனால் சிலர் ஓய்வூதிய ஆணையில் முதலில் தெரியும் 47,500-ஐ எடுத்து, அதன்மேல் அகவிலைப்படியைக் கூட்டி 75,000 என்று வருமானக் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். ஆறு மாதத்துக்கு 95,000 ரூபாய் வராத வருமானம் ஏறிவிடும். நம் தலைமை ஆசிரியர் இருக்கும் 15 விழுக்காட்டு அடுக்கில், கூடுதல் வரியோடு சேர்த்து அது 14,800 ரூபாய் வீண் செலவு. வங்கிக் கணக்கில் மாதாமாதம் எவ்வளவு வரவு வைக்கப்பட்டது என்பதோடு ஒப்பிட்டால் தவறு உடனே தெரிந்துவிடும்.

இப்போது ஆண்டுக் கணக்கு. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை சம்பளம் 9,00,000. அக்டோபர் முதல் மார்ச் வரை ஓய்வூதியம் 3,55,200. வந்த பணத்தில் 40 லட்சத்தை இரண்டு வங்கிகளில் சரிபாதியாக 7 விழுக்காட்டுக்குப் போட்டார். ஆறு மாத வட்டி 1,40,000.

பள்ளியில் பார்த்தார்கள். ஆறு மாதச் சம்பளம் 9 லட்சம், நிலைக் கழிவு 75,000 போக 8,25,000. புதிய வரி முறையில் 12 லட்சம் வரை தள்ளுபடி இருப்பதால் பிடித்தம் இல்லை. ஓய்வூதியம் வழங்கும் அலுவலகத்துக்குத் தெரிந்தது மூன்றரை லட்சம் மட்டும். அங்கும் பிடித்தம் இல்லை. வங்கியோ, மூத்த குடிமகனுக்கு ஆண்டு வட்டி 1,00,000 தாண்டினால்தான் பிடிக்கும். ஒவ்வொரு வங்கியிலும் 70,000 தானே? அங்கும் இல்லை. மூவரும் அவரவர் வரையில் சரியாகவே செய்தார்கள்.

எல்லாவற்றையும் கூட்டினால் 13,95,200. நிலைக் கழிவு ஒருமுறைதான் உண்டு. சம்பளத்துக்கு ஒன்று, ஓய்வூதியத்துக்கு ஒன்று என்று இரண்டு கிடையாது. அது போக 13,20,200. 12 லட்சத்தைத் தாண்டியாயிற்று, தள்ளுபடி போயிற்று. 4 முதல் 8 லட்சம் வரை 5 விழுக்காடு, 20,000. 8 முதல் 12 வரை 10 விழுக்காடு, 40,000. மேலுள்ள 1,20,200-க்கு 15 விழுக்காடு, 18,030. ஆக 78,030. அதன்மேல் 4 விழுக்காடு கூடுதல் வரி சேர்த்தால் சுமார் 81,150 ரூபாய். ஒரு பைசாகூட பிடிக்கப்படாத மனிதருக்கு 81,000 ரூபாய் வரி!

இது துறைக்குத் தெரியாமல் போகாது. சம்பளம், ஓய்வூதியம், வட்டி மூன்றும் அவருடைய பான் எண்ணின்கீழ் வருமான வரித் தளத்தில் ஆண்டுத் தகவல் அறிக்கையில் வந்து நிற்கும். கணக்குப் போடுவதற்கு முன் அதை ஒருமுறை இறக்கிப் பார்த்துவிடுங்கள்.

என்ன செய்யலாம்? சம்பள விவரத்தை ஓய்வூதியம் வழங்கும் அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்தால், மார்ச்சுக்குள் அவர்களே பிடித்துக்கொள்வார்கள். கொடுக்காவிட்டாலும் குடி முழுகிவிடாது. 60 வயது நிறைந்து, தொழில் வருமானம் இல்லாதவருக்கு முன்கூட்டி வரி கட்டும் கடமை இல்லை. அதனால் 2026 ஜூலை 31-க்குள் தானே கணக்கிட்டு வரியைக் கட்டி, கணக்கைத் தாக்கல் செய்தால் வட்டியும் இல்லை. அந்த நாளைத் தவறவிட்டால் பாக்கிக்கு மாதம் 1 விழுக்காடு வட்டியும், தாமதக் கட்டணமும் சேரும். வங்கியில் 15எச் படிவத்தை நீட்டும்போதும் கவனம் வேண்டும். "எனக்கு வரி இல்லை" என்ற உறுதிமொழி அது. இந்த ஓராண்டில் நம் தலைமை ஆசிரியர் அதில் கையெழுத்துப் போடக் கூடாது. அடுத்த ஆண்டில் முழு ஓய்வூதியமும் வட்டியும் சேர்ந்து 10 லட்சத்தை ஒட்டித்தான் இருக்கும், அப்போது போடலாம்.

ஒன்றைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன். ஆசிரியர் காலமானபின் துணைவருக்கு வரும் குடும்ப ஓய்வூதியம் சம்பளக் கணக்கில் வராது, பிற வருமானத்தில் வரும். அதற்கு 75,000 கழிவு கிடையாது. புதிய முறையில் மூன்றில் ஒரு பங்கு அல்லது 25,000, இதில் எது குறைவோ அதுதான் கழிவு.

இளம் ஆசிரியர்களுக்கும் ஒரு செய்தி இருக்கிறது. உங்களில் பலர் தேர்வு எழுதி இங்கே வருவதற்கு முன் தனியார் பள்ளியில் வேலை பார்த்தவர்கள். அங்கே பிடித்த பி.எஃப். பணத்தை, அரசு வேலை கிடைத்த மகிழ்ச்சியில் உடனே எடுத்துவிடுகிறீர்கள். தொடர்ச்சியான பணிக்காலம் ஐந்து ஆண்டு நிறையாமல் எடுத்தால் அது வரிக்குரியது. நிர்வாகம் கட்டிய பங்கும் அதன் வட்டியும் சம்பளமாகச் சேரும். உங்கள் பங்கின் வட்டி பிற வருமானமாகச் சேரும். நீங்கள் கட்டிய அசலுக்கு முன்பு வரிக்கழிவு வாங்கியிருந்தால் அதுவும் திரும்பி வரும். 50,000 ரூபாயோ அதற்கு மேலோ என்றால் 10 விழுக்காடு பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். பான் எண் இணைக்காவிட்டால் 20. உடல்நலக் குறைவாலோ, பள்ளியையே மூடிவிட்டதாலோ வேலை போனவருக்கு இந்த வரி இல்லை.

ஒரு பள்ளியில் மூன்று ஆண்டு, அடுத்த பள்ளியில் இரண்டரை ஆண்டு என்று வேலை பார்த்த ஆசிரியை ஒருவர், இரண்டு கணக்கையும் தனித்தனியாக முடிக்கப் போனார். இரண்டும் ஐந்துக்குக் குறைவு, இரண்டுக்கும் வரி. நிறுத்தச் சொன்னேன். முதல் கணக்கை இரண்டாவதற்கு மாற்றினால் பணிக்காலம் ஐந்தரை ஆண்டு என்று சேர்ந்துவிடும். பிறகு எடுத்தால் வரி இல்லை. இரண்டு பள்ளியிலும் வெவ்வேறு உறுப்பினர் எண் இருந்ததாலும், ஒன்றில் தகப்பனார் பெயர் தவறாகப் பதிவாகியிருந்ததாலும் மாற்றத்துக்கு நான்கு மாதம் பிடித்தது. பழைய பள்ளிக்கு மூன்று முறை நடந்தார். பணம் பிடித்தமில்லாமல் முழுதாக வந்தது.