பத்து வயதுப் பிள்ளையின் இணைய விளையாட்டு: எல்லையை வகுப்பது யார்?

(பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

"கம்பெனியே கட்டுப்பாடு வைத்திருக்கிறதே" என்று பெற்றோர் சிலர் ஆறுதல் கொள்கின்றனர். அக்கட்டுப்பாடு எத்தகையது என்பதைப் பார்ப்போம். 2020 செப்டம்பரில் பப்ஜி தடை செய்யப்பட்டது. அதற்கு மாற்றாக 2021 ஜூலையில் பிஜிஎம்ஐ வந்தது. 18 வயதுக்குட்பட்டோர் நாளொன்றுக்கு 3 மணி நேரம் விளையாடலாம், 7,000 ரூபாய் வரை செலவிடலாம் என்று அதன் நிறுவனம் அப்போது அறிவித்தது. முப்பது நாளுக்குக் கணக்கிட்டால் 2,10,000 ரூபாய்! சீன அரசு 2019இல் 8 முதல் 16 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு விதித்த உச்சவரம்பு மாதத்திற்கு 200 யுவான். நம் பணத்தில் இரண்டாயிரத்துச் சொச்சம். ஆகவே நிறுவனத்தின் எல்லை வேறு, நம் குடும்பத்தின் எல்லை வேறு.

முதலில் நேரம். இத்தகைய விளையாட்டில் ஓர் ஆட்டம் முடிய ஏறத்தாழ அரை மணி நேரமாகும். 40 நிமிடம் என்று வரையறுத்தால் இரண்டாவது ஆட்டம் பாதியில் அறுபடும். சண்டை அங்கேதான் தொடங்கும். எனவே பள்ளி நாட்களில் ஓர் ஆட்டம், விடுமுறையில் இரண்டு என்று எண்ணிக்கையால் பேசிக்கொள்வது நலம். பிள்ளைக்குத் தனிக் கைப்பேசியும் தனிக் கணக்கும் இருந்தால் Family Link மூலம் அந்நேரத்தைப் பூட்டிவிடலாம். தந்தையின் கைப்பேசியிலேயே விளையாடினால் அந்தப் பூட்டு பயன்படாது. இங்கே அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலைக்குச் செல்வோர் பலர். தந்தை இரவு ஷிப்டிலிருக்கும்போது கைப்பேசியைத் திரும்ப வாங்கி வைப்பவர் யார் என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்யவேண்டும்.

அடுத்து பணம். பிளே ஸ்டோரின் அமைப்புகளில் Purchase verification என்பதைத் திறந்து, ஒவ்வொரு முறையும் சரிபார்க்குமாறு வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் மகனின் கைரேகை அதே கைப்பேசியில் பதிவாகியிருந்தால் இப்பூட்டு வீண். சேமித்து வைத்த வங்கி அட்டையை நீக்கிவிடுங்கள். யுபிஐ ரகசிய எண்ணைப் பிள்ளை முன் தட்டாதீர்கள். சிறு தொகைகளுக்கு ரகசிய எண் கேட்காத யுபிஐ லைட்டில் பணம் வைக்காதீர்கள். பிளே ஸ்டோரில் மாதச் செலவுக்கு வரம்பு குறிக்கும் வசதியும் உண்டு; அது எச்சரிக்குமே தவிர, தடுக்காது. Family Link அனுமதி கேட்பதும் பிளே ஸ்டோர் வழியான கட்டணத்திற்குத்தான். வேறு இணையதளத்தில் வாங்கும் விளையாட்டு நாணயத்தை அது காணாது.

பணம் கசிகிறதா என்பதை அறிய, வாரம் ஒருமுறை பிளே ஸ்டோரின் கொள்முதல் வரலாற்றை வங்கிக் குறுஞ்செய்திகளோடு ஒப்பிடுங்கள். 29 ரூபாய், 79 ரூபாய் என்ற சிறு தொகைகள் மீண்டும் மீண்டும் வருகின்றனவா என்று பாருங்கள். குறுஞ்செய்திகள் அழிக்கப்பட்டிருந்தால், வங்கிக் கணக்கு விவரத்தையே கேட்டுப் பெறுங்கள்.

செலவே கூடாது என்பது ஒரு முடிவு. பெருநாளுக்கு மட்டும் 100 ரூபாய் என்பதும் ஒரு முடிவு. எதுவாயினும் தாயும் தந்தையும் ஒரே தொகையைச் சொல்லவேண்டும். தந்தை மறுத்ததைத் தாயிடமோ பாட்டியிடமோ பெறமுடியும் என்று பிள்ளை அறிந்துவிட்டால், எந்தப் பூட்டும் நிலைக்காது.