வெற்றுரையில் அமையும் மறுமொழி

வாடிக்கையாளரின் ஒவ்வொரு முறையீட்டுக்கும் ஓர் எண் இட்டு, அதன்கீழ் நடைபெறும் எழுத்துப் பரிமாற்றம் முழுவதையும் ஒன்றாகத் தொகுத்து வைக்கும் ஏற்பாடு டிக்கெட் முறை எனப்படுகிறது. இத்தகைய முறைகளுள் சில, தடித்த எழுத்தும் அட்டவணையும் இல்லாத வெற்றுரையை மட்டுமே காட்டுகின்றன. அங்கே அழுத்தத்திற்காகச் சொல்லின் இருபுறமும் இடப்படும் உடுக்குறிகள் வெறும் உடுக்குறிகளாகவே நிற்கும். இடைவெளிகளை இட்டு நேராக்கிய பத்திகளோ, எழுத்துக்கு எழுத்து அகலம் மாறும் எழுத்துருவில் வரிக்கு வரி விலகிப்போகும். ஆகவே, எது முதலில் வருகிறது என்பதும் எங்கே வெற்று வரி விழுகிறது என்பதுமே அங்கு எழுதுபவரின் கையில் எஞ்சும் கருவிகள்.

வலைத்தளம் ஒன்று 403 என்ற பிழையைக் காட்டுவதாக, அதாவது கேட்ட பக்கத்தைத் தருவதற்கு வழங்கி மறுப்பதாக, ஒருவர் முறையிடுவதாகக் கொள்ளலாம். தளத்தின் கோப்புகள் உள்ள அடைவின் அனுமதி எண் 700 என மாறியிருந்தால், உரிமையாளரைத் தவிர வேறு சாதாரணப் பயனர் எவரும் அதனுள் நுழைய இயலாது. வழங்கி மென்பொருள் வேறொரு பயனர் பெயரில் இயங்கும்போது அதுவும் வெளியே நின்றுவிடும். இந்தக் காரணத்தையும், அனுமதியை 755 ஆக்கினால் தளம் திறக்கும் என்ற விடையையும் மறுமொழியின் முதல் வாக்கியமே சொல்லிவிட வேண்டும். வணக்கமும் வருத்தமும் நான்கு வரிகளை எடுத்துக்கொண்டால், விடை கண்ணில் படாமலே போகக்கூடும். அடுத்து வெற்று வரி ஒன்றை விட்டு, மாற்றும் கட்டளையையும் சரிபார்க்கும் கட்டளையையும் தனித்தனி வரிகளில் தர வேண்டும்.

```
chmod 755 public_html
ls -ld public_html
```

இரண்டாம் கட்டளைக்குக் கிடைக்கும் வரி drwxr-xr-x என்று தொடங்கினால் மாற்றம் நிகழ்ந்துவிட்டது என்பதையும், அதன் பின்னும் பிழை நீடித்தால் அந்த வரியை அப்படியே நகலெடுத்து அனுப்புமாறும் இறுதியில் எழுதினால், மேல் அடைவுகளின் அனுமதியை ஆராயும் அடுத்த கட்டத்திற்கு உடனே செல்லலாம்.

கண்ணுக்கு எளிதில் தென்படாத கேடு ஒன்றும் உண்டு. மறுமொழியைச் சொற்செயலியில் எழுதி ஒட்டும்போது, அம்மென்பொருள் சிறு கோட்டை நீண்ட கோடாக மாற்றிவிடுவது உண்டு. அவ்வாறு மாறிய ls கட்டளை, கோட்டையும் ld என்பதையும் சேர்த்து ஒரு கோப்பின் பெயராகக் கருதி, அப்படி ஒன்று இல்லை என்று அறிவிக்கும். வாடிக்கையாளரோ தாம் ஏதோ தவறு செய்துவிட்டதாக எண்ணுவார். கட்டளையை வாக்கியத்திற்குள் வைத்து முற்றுப்புள்ளி இடுவதும் இத்தகையதே. புள்ளி அடைவின் பெயரோடு ஒட்டிக்கொள்ளும்.

எனவே இப்பணியில் இருப்போர், அனுப்பிய மறுமொழி திரையில் தோன்றும் வடிவிலிருந்தே கட்டளையை நகலெடுத்து, ஒருமுறை தாமே இயக்கிப் பார்க்க வேண்டும்.