எடை குறைஞ்சுது, தோல் ஏன் தொங்குது?

எடை குறைப்பு பத்திப் பேசின எபிசோடுக்கு அப்புறம் அதிகமா வந்த கேள்வி இதுதான்: "40 கிலோ குறைச்சா தோல் தொங்குமாமே, அது தானா சரியாகுமா?" இன்னைக்கு அதை மட்டும் பேசலாம்.

என் கணக்கையே எடுத்துக்குறேன். ஒன்பதாவது படிக்கும்போதிருந்து நான் குண்டு. 27 வயசுல 124 கிலோ. 20 மாசத்துல 80-க்கு வந்தேன். இடுப்புச் சுற்றளவு 128 சென்டிமீட்டர்லிருந்து 94 ஆச்சு. எடை அப்படியே நின்னு இப்போ ஒரு வருஷம் தாண்டிடுச்சு. 34 சென்டிமீட்டர் குறைஞ்சிருக்கு இல்லையா? அதுக்கான தோல்ல பெரும்பகுதி உள்ள சுருங்கிடுச்சு. மிச்சம் கொஞ்சம் அடிவயித்துலயும் கைக்கு மேல்பக்கமும் தொங்குது.

ஏன் முழுசா சுருங்கல? தோலோட உள் அடுக்குல ரெண்டு முக்கியமான நார்கள் இருக்கு. கொலாஜன் தோலுக்கு உறுதி தருது. எலாஸ்டின் இழுத்தா பழைய இடத்துக்குத் திரும்ப வைக்குது. ஜட்டி எலாஸ்டிக்கை நினைச்சுக்கோங்க. ஒரு நாள் இழுத்துவிட்டா ஒண்ணும் ஆகாது. பத்து வருஷம் இழுத்தே வச்சிருந்தா, கழட்டினாலும் பழைய அளவுக்கு வராது. உள்ள நூலே அறுந்திருக்கும். நம்ம உடம்பு எலாஸ்டினை பெரும்பாலும் சின்ன வயசுலயேதான் உருவாக்குது. பெரியவங்க ஆனப்புறம் சேதமான நாருக்குப் பதிலா புதுசு கிடைக்கிறது ரொம்பக் குறைவு.

அதனால எவ்வளவு தொங்கும்னு முடிவு பண்றது முக்கியமா மூணு விஷயம்: எத்தனை கிலோ குறைஞ்சுது, எத்தனை வருஷம் அந்த எடையில இருந்தோம், நம்ம வயசு என்ன. மரபணுவுக்கும் பங்கு இருக்கு. சிகரெட்டும் அதிக வெயிலும் இந்த நார்களை இன்னும் கெடுக்கும். இதுல இன்னைக்கு நம்ம கையில இருக்கிறது கடைசி ரெண்டு மட்டும்தான்.

இங்க ஒரு முக்கியமான இடம். தொங்குறது எல்லாமே வெறும் தோல் இல்ல. உள்ள கொழுப்பு மிச்சம் இருந்தாலும் அப்படித்தான் தெரியும். இதைக் கண்டுபிடிக்க, நின்னுக்கிட்டே அந்த இடத்தை ரெண்டு விரலால கிள்ளிப் பிடிங்க. அப்புறம் புறங்கைத் தோலைக் கிள்ளிப் பாருங்க. புறங்கையில கொழுப்பு கிட்டத்தட்ட இல்ல, அதனால வெறும் தோல் எப்படி இருக்கும்னு அது காட்டும்.

நான் ஒரு பிளாஸ்டிக் வெர்னியர் வச்சு அளந்தேன். (சிரிப்பு) புறங்கையில 3 மில்லிமீட்டர். தொப்புளுக்கு மேல 5. தொப்புளுக்குக் கீழ 26. கிள்ளும்போது தோல் ரெண்டு மடிப்பா வரும், அதனால பாதியாக்கணும். மேல 2.5, அது ஏறக்குறைய தோல் மட்டும்தான். கீழ 13, அதுல தோல் 2.5 போனா மிச்சம் பத்து மில்லிமீட்டருக்கு மேல கொழுப்பு. அப்போ கீழ தொங்குறதுல ஒரு பங்கு இன்னும் குறைய வாய்ப்பிருக்கு. மேல இருக்குறதை டயட் ஒண்ணும் பண்ணாது. அங்க டயட்டை இறுக்கினா தசைதான் போகும், தோல் இன்னும் தளர்வா தெரியும்.

சரி, எதை எதிர்பார்க்கலாம்? எடை நிலையா நின்ன அப்புறமும் ஒண்ணு ரெண்டு வருஷம் தோல் மெதுவா சுருங்கலாம். அதுக்கப்புறம் பெரிய மாற்றம் வராது. வெயிட் தூக்கினா கையும் தொடையும் கொஞ்சம் நிரம்பின மாதிரி தெரியும், ஏன்னா உள்ள தசை வளருது. வயித்துல அந்த அளவுக்கு வித்தியாசம் தெரியாது. க்ரீம் தோலை ஈரமா வச்சிருக்கும், அறுந்த நாரை ஒட்டாது.

அதிகமா மிஞ்சுற தோலை எடுக்க அறுவை சிகிச்சைதான் வழி. வயித்துல பண்ணும்போது பெரும்பாலும் ஒரு பக்க இடுப்பெலும்புல இருந்து மறுபக்கம் வரைக்கும் வெட்டுவாங்க. அந்தத் தழும்பு மங்கும், ஆனா போகாது. எடை குறைஞ்சது ஆறு மாசமாவது அசையாம நிக்கணும்னு டாக்டருங்க கேப்பாங்க. ஏன்னா, அப்புறம் இன்னும் பத்து கிலோ குறைஞ்சா மறுபடி தொங்கும், ஏறினா மறுபடி இழுபடும். சிகரெட்டை சில வாரம் முன்னாடியே நிறுத்தச் சொல்வாங்க, இல்லன்னா காயம் சரியா ஆறாம போகலாம். ரத்தசோகை, புரதக் குறைவு இருந்தா அதையும் முதல்ல சரி பண்ணுவாங்க.

அழகுக்காக மட்டும் யோசிக்கிறவங்க பொறுமையா முடிவெடுக்கலாம். ஆனா மடிப்புக்குள்ள வேர்வை தேங்கி சிவந்து, அரிச்சு, நாத்தம் வந்தா அது வேற விஷயம். அது பூஞ்சைத் தொற்றா இருக்கலாம். சென்னை வெயில்ல இது சகஜம். குளிச்சதும் மடிப்பைத் தூக்கி நல்லா துடைச்சுக் காய வைங்க. அப்பவும் திரும்பத் திரும்ப வந்தா தோல் டாக்டரைப் பாருங்க.

எனக்கு? இன்னும் ஒரு வருஷம் பார்ப்பேன். வெர்னியர் மேஜையிலேயே இருக்கு. உங்க கேள்விகளை அனுப்புங்க, அடுத்த எபிசோடுல சந்திப்போம்.