வேப்பிலிருந்து இறங்கும் படிகள்

பிரிட்டனில் சிகரெட்டை விட்டு வேப்புக்கு மாறியவர்கள், அதையும் நிறுத்த விரும்பினால் திரவத்தின் நிக்கோட்டின் செறிவைப் படிப்படியாகக் குறைப்பது ஒரு வழி. அங்கு சட்டப்படி உச்ச வரம்பு மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராம். பன்னிரண்டிலிருந்து ஆறு, மூன்று, பிறகு சுழியம் என்று இறங்கலாம்.

புட்டியில் உள்ள எண் மட்டும் குறைந்தால் போதாது. 12 மில்லிகிராம் திரவத்தில் நாளுக்கு 3 மில்லிலிட்டர் இழுத்தவர், ஆறுக்கு மாறியபின் 6 மில்லிலிட்டர் இழுத்தால், இரண்டு கணக்கிலும் 36 மில்லிகிராம்தான். உடல் தன் பங்கைக் கேட்டு வாங்கிவிடுகிறது! புட்டி சீக்கிரம் காலியாவதே இதற்கு அடையாளம். அப்போது அதே வகையிலான பன்னிரண்டு, ஆறு திரவங்களைச் சம அளவில் கலந்து ஒன்பதில் சில வாரம் நிற்கலாம். சிகரெட் ஆசை திரும்பினால் பழைய செறிவுக்கே ஏறுவது நல்லது. சிகரெட்டுக்குத் திரும்புவதைவிட அது பாதுகாப்பானது.