மருத்துவம் பயிலும் மாணவர்க்கு வேர்ச்சொல் வழி
(பாரிவாக்கத்தில் ஆற்றப்பெற்ற உரை)



2020-ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் இயற்றப்பெற்ற சட்டத்தின்படி, அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை பயின்று நுழைவுத் தேர்விலும் தேறியவர்க்கு, மருத்துவக் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்களில் 7.5 விழுக்காடு தனியே வைக்கப்படுகிறது. அவ்வாயில் வழியே நுழையும் தமிழ்வழி மாணவன், முதல் கிழமையிலேயே ஆயிரம் புதுச் சொற்களைக் கண்டு மருள்கிறான். தன் ஆங்கிலம் போதாதென்று நாணுகிறான். அந்நாணம் வேண்டாதது. அச்சொற்கள் ஆங்கிலமே அல்ல. பெரும்பாலானவை கிரேக்கமும் இலத்தீனும் ஆம். சிறுநீரகத்தை ஆங்கிலேயன் தன் வீட்டில் 'கிட்னி' என்கிறான். 'நெப்ரைட்டிசு' என்பது அவனுக்கும் அயற்சொல்லே. அவனும் கற்றுத்தான் அறிகிறான்.

எங்ஙனம் கற்பது? உருப்போடுவதால் ஆகாது, பிரித்துப் பார்க்க வேண்டும். 'நெப்ர்' என்பது கிரேக்கத்தில் சிறுநீரகம். 'ஐட்டிசு' என்னும் ஈறு அழற்சி. எனவே நெப்ரைட்டிசு சிறுநீரக அழற்சி. 'எப்பட்' கல்லீரல், 'கேசுட்ர்' இரைப்பை, 'என்டர்' குடல். இந்நான்கு உறுப்புகளையும் தமிழில் கற்றுவந்தவனுக்குப் பொருள் முன்னரே கையில் உள்ளது. அயலொலி ஒன்றையே அதனோடு முடிச்சிட வேண்டும்.

தமிழிலக்கணம் அறிந்தவர்க்கு இங்கே ஒரு நன்மை உண்டு. 'வெப்பமானி' என்பது மானி வகையுள் ஒன்றேயன்றி வெப்ப வகையுள் ஒன்றன்று. தலைமைச் சொல் இறுதியில் நிற்கிறது. கிரேக்கத் தொடர்ச்சொற்களும் பெரும்பாலும் அவ்வாறே. ஆதலின் வாலிலிருந்து தலைக்குப் படிக்க வேண்டும். இரு வேர்கள் கூடுமிடத்தில் 'ஓ' என்றோர் உயிர் சாரியைபோல வந்து நிற்கும்: 'கேசுட்ரோ என்டரைட்டிசு', இரைப்பை குடல் அழற்சி. ஈறு உயிரில் தொடங்கின், குற்றியலுகரம் கெடுவதுபோல அவ்வுயிர் பெரிதும் கெடும். ஆதலின் 'கேசுட்ரைட்டிசு' ஆயிற்று. அச்சாரியைக்குப் பொருள் தேடி அலைய வேண்டா.

இனி, சிற்றொலி வேறுபாட்டில் பெரும்பொருள் மாறும் இடங்களைக் காண்க. 'நெப்ராட்டமி' என்றால் சிறுநீரகத்தைக் கீறுதல். 'நெப்ராசுட்டமி' என்றால் சிறுநீர் வெளியே வடியுமாறு அதற்கொரு வாய் அமைத்தல்; 'சுட்டோமா' கிரேக்கத்தில் வாய். 'நெப்ரெக்டமி' என்றால் சிறுநீரகத்தையே வெட்டி வெளியே எடுத்தல். 'எக்' வெளியே, 'டோம்' வெட்டு. கீறுவதையும் எடுப்பதையும் ஒன்றாகக் கேட்டுக்கொள்ளும் செவி அறுவைக்கூடத்தில் நிற்கத் தகுமா? அணுவைக் குறிக்கும் 'ஆட்டம்' என்னும் சொல்லிலும் இவ்வெட்டே உள்ளது. முன்னுள்ள 'அ' மறுப்பு. வெட்டவியலாதது என்பது பொருள்.

இன்னொரு சொல்லை முழுதும் பிரிப்போம். 'ஐப்போகிளைசீமியா': 'ஐப்போ' கீழ், 'கிளைக்' இனிப்பு, 'ஈம்' குருதி, 'இயா' நிலை. வாலிலிருந்து கூட்டினால், குருதியில் இனிப்புக் குறைந்த நிலை. 'ஐப்போ' இருந்த இடத்தில் 'ஐப்பர்' வந்தால் மேல். இனிப்பு மிகுந்த நிலை. முன்னதில் நோயாளிக்கு உடனே சர்க்கரை கொடுக்க வேண்டும். பின்னதில் இன்சுலின் வேண்டியிருக்கும். குறைந்தவனுக்கு இன்சுலினை ஏற்றினால் உயிரே போகலாம். ஆதலின் இவ்விரு முன்னொட்டுகளையும் முதல்நாளே 'கீழ், மேல்' என்று தமிழால் எழுதிப் பதித்துக்கொள்க.

ஆயினும் வேர் வழிகாட்டுமேயன்றி, எப்போதும் ஊர் கொண்டுபோய்ச் சேர்க்காது. 'அனீமியா'வைப் பிரித்தால் 'குருதியின்மை' என்று வரும். குருதியே இல்லாதவன் எங்ஙனம் உயிர்வாழ்வான்? குருதியிலுள்ள செந்நிறப் பொருளாகிய ஈமோகுளோபின் குறைவதே அந்நோய். தமிழில் 'குருதிச்சோகை' என்பது அதனினும் பொருத்தமாக இருப்பதைக் காண்க. பிரித்துப் பெற்ற பொருள் நோயாளியின் நிலையோடு ஒட்டவில்லையேல், அகரமுதலியைப் புரட்டிச் சரிபார்த்தே கொள்ள வேண்டும்.

மற்றொரு மயக்கம், ஓருறுப்புக்கு இரு வேர் வருவது. சிறுநீரகத்துக்குக் கிரேக்கம் 'நெப்ர்', இலத்தீன் 'ரென்'. நுரையீரலுக்குக் கிரேக்கம் 'நியுமோன்', இலத்தீன் 'புல்மோ'. நோய்க்கும் அறுவைக்கும் பெரும்பாலும் கிரேக்கமும், உறுப்பைச் சார்ந்த குழாய் நரம்பு முதலியவற்றுக்குப் பெரும்பாலும் இலத்தீனும் வழங்கும். சிறுநீரகக் குருதிக்குழாய் 'ரீனல்' எனப்படுவதும், சிறுநீரக அழற்சி நெப்ரைட்டிசு ஆவதும் இதனாலேயே. இதனை அறியாதவன் ஓருறுப்பை ஈருறுப்பென மயங்குவான்.

பூவிருந்தவல்லிக்குச் சென்று பேருந்து மாறிக் கல்லூரி சேரும் பிள்ளை, ஒரு சுவடியில் மூன்று வரிசை கீறிக்கொள்ளட்டும்: வேர், தமிழ்ப்பொருள், அவ்வேர் வரும் சொற்கள் இரண்டு. நாளைக்கு மூன்று வேர் போதும். நான்காவது வேரைத் தொடுமுன், முந்தைய நாளின் மூன்றையும் மூன்றாம் வரிசையை மறைத்துக்கொண்டு சொல்லிப் பார்க்கட்டும்.