நான்கு கட்டங்களும் ஒரு காசும்
(பூதப்பாண்டியில் நிகழ்த்திய அம்பேத்கர் நினைவு நாள் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நினைவுச் சொற்பொழிவில் பெரிய தத்துவம் ஏதாவது பேசுவார்கள் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். நாங்கள் மதிப்பெண் பற்றிப் பேசப் போகிறோம். பாட்டுப் போட்டியில் நடுவர்களாக இருந்த மூன்று பேர் சேர்ந்து எழுதிய உரை இது. எங்களில் ஒருவர் பறை அடிப்பவர், ஒருவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர், ஒருவர் கல்லூரி மாணவி. நாங்கள் மூவரும் செய்த ஒரு தவறையும், அதைக் கண்டுபிடித்த விதத்தையும் உங்கள் முன் வைக்கிறோம். அடுத்த ஆண்டு நடுவர் நாற்காலியில் உட்காரப் போவது உங்களில் சிலர்தான்.

ஜீவா பிறந்த ஊர் இது. 1907இல் இங்கே பிறந்த ப. ஜீவானந்தம் மேடையில் பேசியதோடு நிற்கவில்லை, கூட்டத்தில் பாடுவதற்காகப் பாட்டும் எழுதினார். அந்த வழியில் வரும் பாட்டு, தாளில் படிக்க நன்றாக இருந்தால் மட்டும் போதாது, வாயிலும் நிற்க வேண்டும். ஆகவே எங்கள் அட்டவணையில் நான்கு கட்டங்கள் போட்டோம்: சொந்தத்தன்மை, காட்சி, பாடும் தன்மை, உணர்வின் நேர்மை. ஒவ்வொன்றுக்கும் 5 மதிப்பெண், மொத்தம் 20. பத்துக் கட்டங்கள் போட்டால் நடுவர் எந்தக் கட்டத்துக்கு என்ன பொருள் என்பதை மறந்துவிடுவார். நான்கு என்றால் மனதில் நிற்கும்.

எண் மட்டும் போட்டால் ஒருவருடைய 3 இன்னொருவருடைய 5 ஆகிவிடும். அதனால் ஒவ்வொரு கட்டத்திலும் 1, 3, 5 ஆகிய எண்களுக்கு ஒரு வரி விளக்கம் எழுதி வைத்தோம். காட்சி என்ற கட்டத்தில், 'பொதுச்சொல் மட்டுமே உண்டு' என்றால் 1. 'ஒரு பொருளாவது கண்ணில் தெரிகிறது' என்றால் 3. 'அந்தப் பொருள் இல்லாவிட்டால் பாட்டே இல்லை' என்றால் 5. இடையில் நிற்பதற்கு 2, 4.

சொந்தத்தன்மையில்தான் முதல் வாக்குவாதம் வந்தது. ஆசிரியர், ஒப்பாரி மெட்டில் வந்த ஒரு பாட்டைக் காட்டி, "இது எல்லாரும் பாடுற சொல்லுதானே" என்று 1 போட்டார். பறை அடிப்பவர் ஒத்துக்கொள்ளவில்லை. "ஒப்பாரியில விளிச்சொல்லு எல்லாருக்கும் பொது சார். செத்தவரு யாருங்கிறதுதான் புதுசு" என்றார். அவர் சொன்னது சரி. ஒப்பாரியிலும் தாலாட்டிலும் நடவுப்பாட்டிலும் அடுக்குச் சொல்லும் திரும்ப வரும் வரியும் ஊர்ப் பொதுச்சொத்து. அவற்றைத் திருட்டு என்று கணக்கிட்டால், எழுத்துக்கவிதை பழகியவருக்கு மட்டுமே பரிசு போகும். ஆனால் வேறொருவர் கண்டுபிடித்த காட்சியை எடுத்து வைத்துக்கொள்வது பொதுச்சொத்து ஆகாது. ஆகவே விளக்கத்தை மாற்றி எழுதினோம்: 'பழைய சட்டத்துக்குள் இந்தப் பாட்டு புதிதாக எதைக் கொண்டுவந்து வைத்தது?'

இனி மூன்று பாட்டுகளை எடுத்துக்கொள்வோம். போட்டிக்கு வந்த வரிகளை இங்கே அச்சிடுவது முறையல்ல. அதே அச்சில் நாங்களே கட்டிய வரிகளைத் தருகிறோம். முதல் பாட்டு இப்படி இருந்தது:

கண்ணீரே எங்கள் கவிதை
காயமே எங்கள் சரிதை
இருளே எங்கள் பாதை
இதுவே எங்கள் வாதை

இரண்டாவது பாட்டு:

கும்பப்பூ அறுத்த கை
கூலி வாங்க நீளுது
எட்ட நின்னு போட்ட காசு
சேத்து மேல வீழுது

வந்த காச அம்மா தான்
வீடு சேந்து கழுவுறா
மூணு தரம் கழுவித்தான்
முந்தியிலே முடியுறா

மூன்றாவது பாட்டு:

தீண்டப்படாத தெருக்களின் நிழல்கள்
அந்திக்கு அஞ்சி நீள்கின்றன
ஒவ்வொரு நிழலும் தன் உடலைத் தேடி
மதில்களின் மேல் எழுதப்படுகிறது

பாடும் தன்மையை எப்படிப் பார்த்தோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். எழுதியவரைப் பாடச் சொல்லவில்லை. நல்ல குரல், சுமாரான பாட்டையும் தூக்கி நிறுத்திவிடும். ஒரே ஆள், இசைக்கருவி இல்லாமல், கைத்தாளத்துக்கு எல்லாப் பாட்டையும் இரண்டு முறை பாடினார். முதல் முறை எங்கே மூச்சு முட்டுகிறது என்று கவனித்தோம். இரண்டாம் முறை, கேட்பவர் வாய் தானாகச் சேர்ந்துகொள்கிறதா என்று பார்த்தோம்.

காசுப் பாட்டின் முதல் வரியை எண்ணிப் பாருங்கள். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கும் ஒற்றோடு சேர்ந்த எழுத்துக்கும் இரண்டு என்று தாளக் கணக்குப் போட்டால் 'கும்பப்பூ' 6, 'அறுத்த கை' 6, மொத்தம் 12. அடுத்த வரி 10. மீதி 2 மூச்சு இழுக்கக் கிடைக்கிறது. குனிந்து அறுத்துக்கொண்டே இதைப் பாட முடியும். மூன்றாவது பாட்டில் 'எழுதப்படுகிறது' என்ற சொல்லை எங்கே உடைப்பது என்று பாடியவருக்குத் தெரியவில்லை. நிழல் என்ற காட்சி அருமையானது, ஆனால் அது படிப்பதற்கான கவிதை. பாட்டுப் போட்டியில் அதற்குப் பாடும் தன்மையில் 1 போட்டதில் எங்களுக்குள் சண்டை இல்லை.

சண்டை நான்காவது கட்டத்தில்தான் வந்தது. எங்களில் ஒருவருடைய முதல் தாளை அப்படியே சொல்கிறோம். கண்ணீர்ப் பாட்டு: சொந்தத்தன்மை 2, காட்சி 2, பாடும் தன்மை 5, உணர்வின் நேர்மை 5, மொத்தம் 14. காசுப் பாட்டு: 4, 4, 4, 2, மொத்தம் 14. நிழல் பாட்டு: 4, 5, 1, 3, மொத்தம் 13.

காசுப் பாட்டின் நேர்மைக்கு ஏன் 2 என்று கேட்டோம். "கோபமும் இல்ல, அழுகையும் இல்ல. நடந்ததைச் சொல்லிட்டு நிறுத்திட்டாங்க" என்றார் அவர். மாணவியோ அதே கட்டத்தில் கண்ணீர்ப் பாட்டுக்கு 2, காசுப் பாட்டுக்கு 5 போட்டிருந்தார். இருவர் எண்ணுக்கும் இடையே 2 அல்லது அதற்கு மேல் இடைவெளி வந்தால் கூட்டிச் சராசரி எடுக்கக் கூடாது, பேசியாக வேண்டும் என்பது எங்கள் விதி. இங்கே இடைவெளி 3. சராசரி எடுத்திருந்தால் தவறு தாளுக்குள்ளேயே புதைந்து போயிருக்கும்.

மாணவி ஒரு சோதனை செய்து காட்டினார். கண்ணீர்ப் பாட்டில் 'எங்கள்' என்ற இடத்தில் வேறு எந்த மக்களை வேண்டுமானாலும் வைத்துப் பாடிப் பாருங்கள் என்றார். பாடினோம். ஒரு வரிகூட மாற வேண்டியிருக்கவில்லை. அந்தப் பாட்டில் யாரும் எதையும் பார்க்கவில்லை, யாருக்கும் எதுவும் நடக்கவில்லை. துயரம் என்ற முடிவு மட்டும் முதலிலேயே சொல்லப்பட்டிருக்கிறது. காசுப் பாட்டில் 'கும்பப்பூ'வை எடுத்தால் நாஞ்சில் நாட்டு வயல் போய்விடும். 'எட்ட நின்னு' என்பதை எடுத்தால் சாதி போய்விடும். காசைக் கழுவுவது சேற்றைப் போக்கவா, எறிந்த கையைப் போக்கவா? பாட்டு சொல்லவில்லை. மூன்று முறை கழுவுகிறாள் என்பதில் இருக்கிறது கோபம்.

எங்கள் தவறு அப்போதுதான் புரிந்தது. நாங்கள் நேர்மையை அளக்கவில்லை, வலியை அளந்திருந்தோம். தலித் பாட்டு என்றால் அழ வேண்டும் என்று வெளியே எதிர்பார்ப்பவர்களைக் குறை சொல்கிற நாங்களே, அதே எதிர்பார்ப்போடு மதிப்பெண் போட்டிருக்கிறோம். இப்படியே நாலு வருஷம் பரிசு கொடுத்தால், ஐந்தாம் வருஷம் பிள்ளைகள் எல்லாரும் கண்ணீரே காயமே என்றுதான் எழுதி அனுப்புவார்கள்.

அப்படியானால் எழுதியவர் யார் என்று பார்த்தால் நேர்மை தெரிந்துவிடாதா என்று சிலர் கேட்டார்கள். தெரியாது. 'மனுசங்கடா' பாடலை எழுதிய இன்குலாப் கீழக்கரையில் இசுலாமியக் குடும்பத்தில் பிறந்தவர். அதைப் பாடி ஊர் ஊராகக் கொண்டுபோனவர் 'வடு' எழுதிய கே.ஏ. குணசேகரன். எழுதியவரின் பிறப்புச் சான்றைக் கேட்டிருந்தால் அந்தப் பாட்டுக்கு நாம் என்ன எண் போட்டிருப்போம்? 'டா' என்று முடியும் அந்தத் தலைப்பே எதிரில் ஒருவனை நிறுத்திவைத்துப் பேசுகிறது. 'நாம்' என்று பொதுவாகப் பாடுவது குற்றமில்லை, ஊர்வலப் பாட்டு அப்படித்தான் இருக்கும். யார், எங்கே நின்று, யாரைப் பார்த்துப் பாடுகிறார்கள் என்பது வரியில் தெரிய வேண்டும். அதனால்தான் பெயரை மறைத்து, கையெழுத்தும் தெரியாதபடி வேறொருவரைக் கொண்டு தட்டச்சு செய்து வாங்கினோம்.

பிறகு இரண்டு மாற்றங்கள் செய்தோம். ஒரு பாட்டை எடுத்து நான்கு கட்டத்தையும் நிரப்புவதை விட்டோம். எல்லாப் பாட்டுக்கும் ஒரு கட்டத்தை முடித்துவிட்டுத்தான் அடுத்த கட்டத்துக்குப் போவது என்று வைத்தோம். ஒரு பாட்டின் மெட்டு பிடித்துப்போனால் மற்றக் கட்டங்களிலும் கை தானாக 5 போட்டுவிடுகிறது. கண்ணீர்ப் பாட்டுக்கு நடந்தது அதுவும்தான், அது பாட அவ்வளவு சுகமாக இருந்தது. இரண்டாவது, நேர்மையைக் கடைசியில் வைத்து அதன் விளக்கத்தைத் திருத்தினோம். 'உணர்ச்சியின் பெயர் மட்டும் இருக்கிறது' என்றால் 1. 'காரணம் தெரிகிறது, ஆனால் பாடுபவர் நிற்கும் இடம் தெரியவில்லை' என்றால் 3. 'பெயர் சொல்லாமலே உணர்ச்சி வந்து சேர்கிறது, நிற்கும் இடமும் தெரிகிறது' என்றால் 5.

அதே நடுவர் மறுபடி போட்ட தாளில் கண்ணீர்ப் பாட்டின் நேர்மை 5இலிருந்து 1 ஆனது, மொத்தம் 10. காசுப் பாட்டின் நேர்மை 5 ஆனது, மொத்தம் 17. நிழல் பாட்டு 13இலேயே நின்றது. அதை எழுதியவரிடம், கவிதை இதழுக்கு அனுப்பச் சொல்லி எழுதினோம். கண்ணீர்ப் பாட்டை எழுதியவருக்கு நான்கு எண்களையும் எழுதி, கீழே ஒரு கேள்வி மட்டும் வைத்தோம்: 'அன்றைக்கு நீ என்ன பார்த்தாய்?'

அவர் பதில் அனுப்பியிருக்கிறார், புதுப் பாட்டாக. அதை நாங்கள் இன்னும் படிக்கவில்லை. அடுத்த ஆண்டுப் போட்டிக்கு, பெயர் மறைத்து, மற்றப் பாட்டுகளோடு சேர்த்து உங்கள் மேசைக்கு வரும்.

ஜெய்பீம்.