லாரிக்குப் பின்னால் ஒன்றரை நிமிடம்

(எக்கியார்குப்பத்தில் நடைபெற்ற சாலைப் பாதுகாப்பு மாத ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இந்தக் கூட்டத்துக்கு உங்களில் பெரும்பாலோர் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகத்தான் வந்திருப்பீர்கள். தை பிறந்துவிட்டது. மரக்காணம் உப்பளங்களில் மழைநீரை இறைத்துப் பாத்திகளைச் சீர்செய்யும் வேலை நடக்கிறது. பங்குனி, சித்திரையில் உப்பு லாரிகள் சாலையை நிறைத்துவிடும். சனி, ஞாயிறுகளில் சென்னையிலிருந்து புதுச்சேரி செல்லும் கார்களும், வெள்ளாப்புக்கு முன்பே கிளம்பும் மீன் வண்டிகளும் இதே சாலையில்தான் ஓடுகின்றன. இவற்றுக்கு நடுவில்தான் நாம் நாள்தோறும் இருசக்கர வண்டியில் பள்ளிக்கு வருகிறோம்.

ஹெல்மெட், உரிமம், வேகம் பற்றியெல்லாம் நமக்கு முன்பே பலர் பேசியிருக்கிறார்கள். பள்ளியின் சாலைப் பாதுகாப்பு மன்றத்தைப் பல ஆண்டுகளாகக் கவனித்து வருபவன் என்ற முறையில், நான் வேறொன்றைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். வண்டி ஓட்டும்போது வருகிற கோபம். அது எப்படி உண்டாகிறது, எந்த இடத்தில் அதை நிறுத்தலாம் என்பதுதான் இன்றைய பொருள்.

முதலில் நம் நாட்டில் நடந்த ஒரு வழக்கைச் சொல்கிறேன். 1988 டிசம்பர் 27 அன்று பஞ்சாப் மாநிலம் பாட்டியாலா நகரில் ஒரு ஜிப்சி வண்டி சாலையின் நடுவே நின்றிருந்தது. அதில் இருந்தவர்கள் கிரிக்கெட் வீரர் நவ்ஜோத் சிங் சித்துவும் அவருடைய நண்பரும். வங்கிக்குப் போய்க்கொண்டிருந்த 65 வயதுப் பெரியவர் ஒருவர் தம் மாருதி காரை நிறுத்தி, வழிவிடச் சொன்னார். வாய்த்தகராறு முற்றியது. பெரியவர் தாக்கப்பட்டார். மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோது அவர் உயிருடன் இல்லை. வழக்கு கீழ் நீதிமன்றத்தில் விடுதலை, உயர்நீதிமன்றத்தில் தண்டனை, உச்சநீதிமன்றத்தில் ஆயிரம் ரூபாய் அபராதம் என்று மாறி மாறிச் சென்றது. கடைசியாக 2022 மே 19 அன்று, மறுஆய்வு மனுவில், உச்சநீதிமன்றம் சித்துவுக்கு ஓராண்டுக் கடுங்காவல் விதித்தது. வழிவிடுவது பற்றி எழுந்த ஒரு தகராறு, 33 ஆண்டுகள் கடந்து சிறையில் போய் முடிந்தது. அந்தக் குடும்பத்தின் இழப்பு எந்தத் தீர்ப்பிலும் முடியாதது.

இந்த வழக்கில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வண்டியைச் சற்று நகர்த்தியிருந்தால் சில நொடிகளில் முடிந்திருக்கும் வேலை அது. அந்தச் சில நொடிகள் எப்படித் தவறிப்போகின்றன? நம் சாலையிலேயே ஓர் எடுத்துக்காட்டை வைத்துப் பார்ப்போம்.

காலை 8.45 மணி. மரக்காணத்தைத் தாண்டி ஓர் ஆசிரியை ஸ்கூட்டரில் வருகிறார். முன்னால் தார்ப்பாய் போர்த்திய உப்பு லாரி மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அவர் வழக்கமாக வருவது 60-இல். எதிரே வண்டிகள் வந்துகொண்டே இருப்பதால் முந்த முடியவில்லை. ஹாரன் அடிக்கிறார். லாரி ஒதுங்கவில்லை, இன்னும் கொஞ்சம் நடுச்சாலைக்கே வருகிறது.

இதுவரை நடந்தது வெறும் நிகழ்ச்சி. இதில் கோபம் இல்லை. அடுத்த நொடியில் மனத்துக்குள் ஒரு வாக்கியம் ஓடுகிறது: "ஹாரன் காதில் விழுந்தும் வேண்டுமென்றே மறிக்கிறான்." கோபம் பிறப்பது இந்த வாக்கியத்தில்தான். லாரி மெதுவாகப் போவது எரிச்சலைத் தரும், அவ்வளவுதான். நம்மை அவமதிக்கவே ஒருவர் அப்படிச் செய்கிறார் என்று எண்ணும்போதுதான் அது சினமாகிறது. நாம் தாமதமானால் அதற்குச் சூழ்நிலையைக் காரணம் சொல்கிறோம். பிறர் தாமதப்படுத்தினால் அவர்களுடைய குணத்தைக் காரணம் சொல்கிறோம். எதிரில் இருப்பவரின் முகமோ குரலோ தெரியாத சாலையில் இந்தப் பழக்கம் இன்னும் எளிதாக வந்துவிடுகிறது.

கோபம் வந்துவிட்டது என்பதை எப்படி அறிவது? தாடை இறுகும். கைப்பிடியை விரல்கள் அழுத்தும். ஹாரன் திரும்பத் திரும்ப ஒலிக்கும். இவற்றையெல்லாம்விட நம்பகமான அடையாளம், முன் வண்டிக்கும் நமக்கும் உள்ள இடைவெளி குறைவது. 40 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 11 மீட்டர் கடக்கிறோம். இரண்டு நொடி இடைவெளி என்றால் 22 மீட்டர் இருக்க வேண்டும். கோபத்தில் அது எட்டு மீட்டராகச் சுருங்கிவிட்டால், நம்மிடம் ஒரு நொடிகூட இல்லை. லாரியின் சிவப்பு விளக்கைக் கண்டு பிரேக்கைப் பிடிக்கவே ஏறத்தாழ ஒரு நொடி ஆகிவிடும். ஆகவே இடைவெளி சுருங்குவதைக் கண்டதுமே, "எனக்குக் கோபம் வந்திருக்கிறது" என்று புரிந்துகொள்ளலாம்.

அப்போது செய்ய வேண்டியது மூன்று.

முதலாவது, ஆக்ஸிலேட்டரைத் தளர்த்துவது. பின்னால் வண்டி இருக்கலாம், அதனால் பிரேக்கைச் சட்டென்று பிடிக்கக் கூடாது. வேகம் தானாகக் குறையட்டும், பழைய இடைவெளி திரும்பட்டும்.

இரண்டாவது, மூச்சு. வழக்கம்போல் இழுத்து, இழுத்ததைவிட மெதுவாக, நீளமாக விட வேண்டும். மூன்று முறை போதும். இதற்கு இருபது நொடிக்கு மேல் ஆகாது. கண்கள் சாலையிலேயே இருக்கட்டும்.

மூன்றாவது, வாக்கியத்தை மாற்றுவது. முதலில் கண்ணால் கண்டதை மட்டும் சொல்ல வேண்டும்: "லாரி மெதுவாகப் போகிறது. நடுப்பக்கம் வந்திருக்கிறது." பிறகு, "வேறு என்ன காரணம் இருக்கலாம்?" என்று கேட்க வேண்டும். லாரி ஓட்டுநர் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறார். சாலை ஓரத்தில் உப்பளத்துக்கு நடந்துபோகும் பெண்கள் அவர் கண்ணுக்குத் தெரிவார்கள், நமக்குத் தெரியாது. அவர்களுக்கு இடம் விடத்தான் அவர் நடுவே வந்திருக்கலாம். நாம் லாரியை ஒட்டியே வருவதால் அவருடைய கண்ணாடியில் நம் ஸ்கூட்டர் தெரியவே தெரியாது. பாரம் ஏற்றிய லாரி சட்டென்று நிற்காது. அதனால் அவர் வேகத்தைக் குறைத்திருக்கலாம். "வேண்டுமென்றே மறிக்கிறான்" என்ற வாக்கியத்துக்கு இப்போது எத்தனை போட்டி வாக்கியங்கள் பாருங்கள்! இவற்றில் எது உண்மை என்று கண்டுபிடிக்க வேண்டிய தேவை இல்லை. முதல் வாக்கியம் உறுதியானதல்ல என்று தெரிந்தாலே கோபத்தின் பிடி தளரும்.

இந்த வரிசை முக்கியம். கோபம் உச்சத்தில் இருக்கும்போது நேரடியாக மூன்றாவதுக்குப் போனால் மனம் ஒத்துழைக்காது; மாற்றுக் காரணங்களைத் தேடச் சொன்னால், மறுபடியும் குற்றச்சாட்டுகளைத்தான் தேடித் தரும். அதனால்தான் முதலில் வேகமும் மூச்சும், பிறகு சிந்தனை.

"திட்டித் தீர்த்துவிட்டால் ஆறிவிடும்" என்று நம்மில் பலர் நம்புகிறோம். இதைச் சோதித்தவர் அமெரிக்க உளவியலாளர் பிராட் புஷ்மன். 2002-இல் வெளியான அவருடைய ஆய்வில் 600 கல்லூரி மாணவர்களுக்கு முதலில் கோபமூட்டினார்கள். ஒரு பிரிவினர் தங்களைக் கோபப்படுத்தியவரை நினைத்துக்கொண்டே குத்துப்பையைக் குத்தினார்கள். இன்னொரு பிரிவினர் உடற்பயிற்சியாக எண்ணிக்கொண்டு குத்தினார்கள். மூன்றாவது பிரிவினர் இரண்டு நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். நினைத்துக்கொண்டே குத்தியவர்களிடம்தான் கோபம் அதிகமாக இருந்தது. சும்மா இருந்தவர்கள் அவர்களைவிடத் தணிந்திருந்தார்கள். ஹெல்மெட்டுக்குள் முணுமுணுத்துக்கொண்டே வருவது, பையைக் குத்துவது போன்றதுதான்.

கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜெரி டெஃபன்பாக்கர், வண்டி ஓட்டும்போது மிகுதியாகக் கோபப்படுபவர்களை வைத்துப் பல ஆண்டுகள் ஆய்வு செய்தவர். உடலைத் தளர்த்தும் பயிற்சியையும் எண்ணத்தை மாற்றும் பயிற்சியையும் சில வாரங்கள் பெற்றவர்களுக்குச் சாலைக் கோபம் குறைந்தது என்று கண்டார். 'சில வாரங்கள்' என்பதைக் கவனியுங்கள். ஒரு நாள் கேட்டுவிட்டுப் போவதால் இது கைவராது. கோபம் இல்லாத நாளிலும் பழக வேண்டும். ரயில்வே கேட்டில், பெட்ரோல் பங்க் வரிசையில் பழகலாம்.

இப்போது அந்த ஆசிரியை எவ்வளவு நேரத்தை இழந்தார் என்று பார்ப்போம். மூன்று கிலோமீட்டர் தூரம் லாரிக்குப் பின்னால் வந்தார் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் அதற்கு 3 நிமிடம். 40 கிலோமீட்டர் வேகத்தில் நாலரை நிமிடம். இழப்பு ஒன்றரை நிமிடம். எதிர்வண்டிக்கு முன்னால் புகுந்து முந்துவதில் கிடைக்கக்கூடிய பரிசும் அதே ஒன்றரை நிமிடம்தான். இந்தக் கணக்கைக் கோபம் வந்தபின் போட முடியாது; இங்கே உட்கார்ந்திருக்கும்போதே போட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்த முறைக்கு எல்லைகளும் உண்டு. காரணத்தை மாற்றி எண்ணுவது, தவறை நியாயப்படுத்துவது ஆகாது. ஒரு வண்டி உண்மையாகவே ஆபத்தாக ஓட்டப்பட்டால், பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி அதன் எண்ணைக் குறித்துப் புகார் செய்யலாம். யாராவது உங்களைத் துரத்தி வந்தால் மூச்சுப் பயிற்சிக்கு அது நேரம் இல்லை. தனியான இடத்தில் நிற்காதீர்கள், நேராக வீட்டுக்கும் போகாதீர்கள். ஆள் நடமாட்டமுள்ள கடைத்தெருவுக்கோ காவல் நிலையத்துக்கோ போய் 112-ஐ அழையுங்கள். இன்னொன்று, தூக்கமும் காலை உணவும் இல்லாமல், பத்து நிமிடம் தாமதமாகக் கிளம்புகிறவருக்கு எந்த உத்தியும் பெரிதாக உதவாது. அவருக்கு முதல் மருந்து, பத்து நிமிடம் முன்னதாகக் கிளம்புவது.

நிறைவாக ஒரு வேண்டுகோள். உயர்தொடக்க வகுப்புகளில் காலம், தூரம், வேகம் நடத்தும்போது இந்த உப்பு லாரிக் கணக்கைக் கொடுங்கள். விடை வந்தபின், "லாரி ஏன் நடுவில் வந்திருக்கும்?" என்று கேட்டு ஐந்து காரணங்களை எழுதச் சொல்லுங்கள். உப்பளத்துக்கு நடந்துபோகிறவர்களின் பிள்ளைகளும், மீன் வண்டி ஓட்டுபவர்களின் பிள்ளைகளும் நம் வகுப்பில் இருக்கிறார்கள். நமக்குத் தோன்றாத காரணங்கள் அவர்களுக்குத் தெரியும். அவர்கள் எழுதியதை நாமும் படித்து வைத்துக்கொள்வோம். அடுத்த முறை லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளும்போது அவை உதவும்.